குரு–சனி சேர்க்கை: இருபதாண்டுச் சுழற்சியை நீங்களே கணக்கிட்டுச் சரிபார்க்கும் முறை

2020 டிசம்பர் 21 மாலை, சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் தென்மேற்கு வானத்தில் குருவும் சனியும் ஒட்டி நின்றன. இரண்டுக்கும் நடுவே 6 கலைதான், அதாவது பாகையில் பத்தில் ஒரு பங்கு. 1623-க்குப் பிறகு இவ்வளவு நெருங்கியதில்லை என்று வானியலாளர்கள் சொன்னார்கள். அதே வாரத்தில் மேற்கத்திய ஜோதிடர்கள் வேறொன்று சொன்னார்கள்: நில ராசிகளின் காலம் முடிந்தது, காற்று ராசிகளின் காலம் தொடங்கியது, இனி தொழில், பணம், தலைமுறை எல்லாமே வேறு மாதிரி.

அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது, ஒரு சுழற்சியை எப்படிக் குறிப்பது, நான்கு கட்டங்களாக எப்படிப் பிரிப்பது, பொருளாதார வரலாற்றோடு எப்படி ஒட்டிப் பார்ப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன். எடுத்துக்காட்டுக்கு 2000 முதல் 2020 வரையிலான ஒரே சுழற்சியை எடுத்துக்கொள்வோம். முடிந்துவிட்ட கதை என்பதால் எது பொருந்தியது, எது காலை வாரியது என்று மறைக்க வழியில்லை.

படி 1: எந்த ராசிச் சக்கரம் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள்

நம்மில் பலர் இங்கேயே வழுக்கிவிடுவோம். மேற்கத்திய முறை சாயனம். வசந்த காலச் சம இரவு நாளில் சூரியன் நிற்கும் புள்ளியே அங்கே மேஷம் 0 பாகை. நாம் பழகிய பஞ்சாங்கம் நிராயனம், அது நட்சத்திரங்களை வைத்து அளப்பது. இரண்டுக்கும் இடையே இப்போது சுமார் 24 பாகை வித்தியாசம். அதனால் 2020 சேர்க்கை சாயனத்தில் கும்பம் 0 பாகை 29 கலையில் விழுகிறது, நிராயனத்தில் மகரம் 6 பாகைக்குப் போய்விடுகிறது. 2000 சேர்க்கை சாயனத்தில் ரிஷபம், அதாவது நில ராசி. நிராயனத்தில் மேஷத்தின் கடைசிப் பாகைகள், அதாவது நெருப்பு ராசி.

சேர்க்கை நடக்கும் நாள் இரண்டிலும் ஒன்றுதான், மாறுவது ராசி. ஆனால் மேற்கத்தியர் சொல்லும் 'நிலக் காலம்', 'காற்றுக் காலம்' என்பதெல்லாம் ராசியை வைத்தே நிற்கிறது. ஒரு முறையில் கணக்கிட்டு இன்னொரு முறையின் பலனைப் படித்தால் அது எதற்கும் ஆகாது. இந்தக் கட்டுரையில் இனி வரும் எல்லாமே சாயனம்.

படி 2: முக்கோணத்தை வரைந்து பாருங்கள்

குரு ஒரு சுற்றுக்கு 11.86 ஆண்டு எடுக்கிறது, சனி 29.46 ஆண்டு. வேகமான குரு மெதுவான சனியை எட்டிப் பிடிக்கச் சராசரியாக 19.86 ஆண்டு ஆகிறது. அதற்குள் சனி சுமார் 243 பாகை நகர்ந்திருக்கும். அதாவது அடுத்த சேர்க்கை முந்தைய இடத்திலிருந்து ராசிச் சக்கரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தள்ளி நடக்கும். மூன்று முறை இப்படி நடந்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். நான்காவது சேர்க்கை முதலாவது நடந்த இடத்துக்கே, 60 ஆண்டு கழித்து, சராசரி 9 பாகை முன்னே தள்ளி வந்து சேரும்.

ஒரு தாளில் வட்டம் போட்டு, பன்னிரண்டாகப் பிரித்து, புள்ளிகளை வைத்துக் கோடிழுத்துப் பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான். வானியலாளர் கெப்லர் 1595-இல் கிராட்ஸ் நகரப் பள்ளியில் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் வரைந்ததும் இதே படம்தான். முக்கோணங்கள் மெல்லச் சுழன்று சுழன்று உள்ளே ஒரு வட்டத்தை உண்டாக்குவதைக் கண்டு, அதிலிருந்துதான் கிரகப் பாதைகளுக்கு இடையே வடிவியல் தேட ஆரம்பித்தார்.

நிலம், காற்று போன்ற ஒரே தத்துவத்தைச் சேர்ந்த மூன்று ராசிகளும் ஒன்றிலிருந்து ஒன்று 120 பாகை தள்ளி இருக்கின்றன. நிலத்துக்கு ரிஷபம், கன்னி, மகரம். காற்றுக்கு மிதுனம், துலாம், கும்பம். அதனால் முக்கோணத்தின் மூன்று முனைகளும் ஒரே தத்துவத்தில் நீண்ட காலம் உட்கார்ந்திருக்கும். 60 ஆண்டுக்கு 9 பாகை என்றால் 30 பாகையைக் கடக்கச் சுமார் 200 ஆண்டு. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த ஜோதிடர் அபூ மஃஷர் மதங்களும் அரச வம்சங்களும் மாறுவதை இந்தத் தத்துவ மாற்றத்தோடு இணைத்து எழுதினார். ஐரோப்பா பிறகு அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

படி 3: பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

கடந்த 160 ஆண்டுகளின் சேர்க்கைகளும் அடுத்து வரும் இரண்டும்:

- 1861 அக்டோபர் 21: கன்னி 18°
- 1881 ஏப்ரல் 18: ரிஷபம் 1°
- 1901 நவம்பர் 28: மகரம் 14°
- 1921 செப்டம்பர் 10: கன்னி 26°
- 1940 ஆகஸ்ட், அக்டோபர், 1941 பிப்ரவரி: ரிஷபம் 14°, 12°, 9°
- 1961 பிப்ரவரி: மகரம் 25°
- 1980 டிசம்பர் 31, 1981 மார்ச், ஜூலை 24: துலாம் 9°, 8°, 4°
- 2000 மே 28: ரிஷபம் 22°
- 2020 டிசம்பர் 21: கும்பம் 0°
- 2040 அக்டோபர் 31: துலாம் 17°
- 2060 ஏப்ரல்: மிதுனம் 0°

வரிசையாகப் படிக்காமல் மூன்று மூன்றாகத் தாவிப் படியுங்கள். முக்கோணத்தின் ஒரு முனை கன்னி 18, கன்னி 26, துலாம் 9 என்று நகர்கிறது. இன்னொரு முனை ரிஷபம் 1, ரிஷபம் 14, ரிஷபம் 22. மூன்றாவது மகரம் 14, மகரம் 25, கும்பம் 0. மூன்று முனைகளும் ஒரே நாளில் எல்லை தாண்டுவதில்லை. கன்னியில் இருந்த முனை ராசியின் கடைசியில் நின்றதால் 1980-இலேயே துலாத்துக்குள் விழுந்துவிட்டது. மகர முனை 2020-இல் அரைப் பாகை தாண்டியது. ரிஷப முனை இன்னும் தாண்டவே இல்லை, 2060-இல்தான் மிதுனத்தைத் தொடும்.

ஆகவே 'நிலக் காலம் 2020-இல் முடிந்தது' என்று தேதி போட்டுச் சொல்வது ஒரு வசதிக்காகத்தான். வடிவியல்படி 1980-இல் ஒரு கால் வெளியே, 2000-இல் மறுபடி உள்ளே, 2020-இல் இரண்டாவது கால் வெளியே. பழைய ஜோதிடர்களுக்கும் இதே தலைவலி இருந்தது. 1802-இல் கன்னிக்குப் போன சேர்க்கை 1821-இல் மேஷத்துக்கு, அதாவது நெருப்புக்கு, திரும்பி வந்தது. 1842-இல் மகரத்தில் விழுந்த பிறகே நிலம் நிலைத்தது. எந்த ஆண்டைத் 'தொடக்கம்' என்று எடுப்பது என்பதில் இன்றும் இரண்டு கட்சி உண்டு. முதல் சேர்க்கையை எடுப்பவர்களுக்குக் காற்றுக் காலம் 1980, நிலைத்ததை எடுப்பவர்களுக்கு 2020. நீங்கள் எதை எடுத்தாலும் சரி, எல்லாக் காலத்துக்கும் அதே விதியைப் பிடித்துக்கொள்ளுங்கள். நிகழ்வுக்கு ஏற்ற மாதிரி விதியை மாற்றுவதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தப்பு.

படி 4: ஒரு சேர்க்கையின் நேரத்தைக் கையாலேயே கணக்கிடுங்கள்

மென்பொருள் நொடியில் சொல்லிவிடும். இருந்தாலும் ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்தால்தான் எங்கே பிழை வரும் என்று புரியும். 2020-ஐயே எடுப்போம். நேரமெல்லாம் உலகப் பொது நேரம்.

சனி கும்பத்துக்குள் நுழைந்தது டிசம்பர் 17, காலை 5 மணி. குரு நுழைந்தது டிசம்பர் 19, பகல் 1 மணி. இடைவெளி 56 மணி நேரம், அதாவது 2.33 நாள். அந்த வாரத்தில் சனி நாளுக்கு 6.5 கலை நகர்ந்துகொண்டிருந்தது. ஆகவே குரு எல்லையைத் தொட்டபோது சனி 2.33 × 6.5 = 15 கலை முன்னே இருந்தது. குருவின் வேகம் நாளுக்கு 13.3 கலை. இரண்டின் வேக வித்தியாசம் 6.8 கலை. 15-ஐ 6.8-ஆல் வகுத்தால் 2.2 நாள். டிசம்பர் 19 பகல் 1 மணியோடு அதைக் கூட்டினால் டிசம்பர் 21 மாலை 6 மணி வருகிறது. துல்லியக் கணக்கு சொல்வது 6 மணி 20 நிமிடம். கைக்கணக்குக்கு இது போதும்.

கணினியில் பார்க்க விரும்பினால் pyswisseph நூலகம் இருக்கிறது:

```python
import swisseph as swe
jd = swe.julday(2020, 12, 21, 18.33)
g = swe.calc_ut(jd, swe.JUPITER)[0][0]
s = swe.calc_ut(jd, swe.SATURN)[0][0]
print(g, s, (g - s) % 360)
```

முதல் இரண்டு எண்களும் 300.49-ஐ ஒட்டி வரும். 300 என்பது கும்பத்தின் தொடக்கம், மீதி 0.49 பாகைதான் அந்த 29 கலை. மூன்றாவது எண் பூஜ்யத்தை ஒட்டியோ 360-ஐ ஒட்டியோ வரும். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றே.

இப்போது அந்த 6.8 கலையைக் கொஞ்சம் யோசியுங்கள். இரண்டு கிரகமும் ஒன்றை ஒன்று நெருங்கும் வேகம் அவ்வளவு குறைவு என்பதால், கிரக நிலையில் ஒரே ஒரு கலை பிழை வந்தாலும் சேர்க்கை நேரம் மூன்றரை மணி நேரம் தள்ளிப்போகும். மூன்றரை மணி நேரத்தில் லக்கினம் 50 பாகைக்கு மேல் நகர்ந்துவிடும். 1563-இல் வானியலாளர் டைக்கோ பிராகே அந்த ஆண்டின் குரு–சனி சேர்க்கையைக் கண்ணால் பார்த்துச் சரிபார்த்தபோது, பழைய அல்ஃபோன்சோ அட்டவணை ஏறக்குறைய ஒரு மாதம் தவறியிருந்தது. கோபர்நிக்கஸ் முறைப்படி போட்ட புதிய அட்டவணையே சில நாள் தவறியிருந்தது. அப்படிப்பட்ட அட்டவணையை வைத்துச் சேர்க்கை நேரத்துக்கு லக்கினம் போட்டால் என்ன கிடைக்கும்? அதனால்தான் இடைக்கால ஜோதிடர்கள் சேர்க்கை நேரத்துக்குப் பதிலாக, அந்த ஆண்டு சூரியன் மேஷத்தில் நுழையும் நேரத்துக்குச் சக்கரம் போட்டுப் படித்தார்கள். இன்றைய மென்பொருளில் இந்தப் பிழை இல்லை. ஆனால் யாராவது 1400-களின் சேர்க்கைக்குப் பழைய ஏடு ஒன்றில் கண்ட லக்கினத்தைக் காட்டிப் பலன் சொன்னால், நீங்கள் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

படி 5: வக்ரத்தைக் கவனியுங்கள்

பட்டியலில் 1940-41, 1980-81 இரண்டுக்கும் மூன்று மூன்று தேதிகள் இருக்கின்றன. சேர்க்கை நேரத்தில் இரண்டு கிரகங்களும் வக்ர கதிக்குப் போனால், குரு சனியைத் தாண்டும், பின்வாங்கும், மறுபடி தாண்டும். மொத்தத்தில் ஒரே சேர்க்கை மூன்று தடவை நடக்கும்.

நான் முதன்முதலில் பட்டியல் போட்டபோது 1980 டிசம்பர் 31-ஐ மட்டும் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். பிறகு 1981-இன் நிகழ்வுகள் எதுவுமே ஒட்டவில்லையே என்று இரண்டு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். மூன்று சேர்க்கை நடக்கும்போது அதை ஒரு நாளாக எழுதாமல், முதலாவதிலிருந்து மூன்றாவது வரை ஒரு காலமாக எழுதுங்கள்.

இன்னொன்று, '20 ஆண்டு' என்பது சராசரி. 1961-லிருந்து 1980-க்கு 19.9 ஆண்டு. 1981 ஜூலையிலிருந்து 2000 மே-க்கு 19-கூட ஆகவில்லை. 2000-லிருந்து 2020-க்கு இருபதரை. கடைசித் தேதியோடு 20-ஐக் கூட்டி அடுத்ததைச் சொல்பவர் ஓராண்டுக்கு மேல்கூடத் தவறலாம்.

படி 6: நான்கு கட்டங்களாகப் பிரியுங்கள்

ஒரு நாளில் குருவின் பாகையிலிருந்து சனியின் பாகையைக் கழியுங்கள். விடை எதிர்மறையாக வந்தால் 360 கூட்டுங்கள். 0 என்றால் சேர்க்கை, 90 என்றால் வளர்பிறைச் சதுரம், 180 எதிர்நிலை, 270 தேய்பிறைச் சதுரம். சந்திரனின் பிறைகளை நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

2024 ஆகஸ்ட் 19-ஐப் போட்டுப் பார்ப்போம். குரு மிதுனம் 17, அதாவது 77 பாகை. சனி மீனம் 17, அதாவது 347 பாகை. 77-இலிருந்து 347-ஐக் கழித்து 360 கூட்டினால் 90. 2020 சுழற்சியின் முதல் சதுரம் அது. வக்ரத்தால் 2024 டிசம்பர் 24-இலும் 2025 ஜூன் 15-இலும் திரும்ப நடந்தது.

மேற்கத்திய மரபில் இதன் வாசிப்பு சுருக்கமாக இப்படி. குரு விரிப்பது, சனி கட்டுவது. சேர்க்கையில் ஒரு புதிய தொழில் ஒழுங்கு விதைக்கப்படுகிறது, முதல் சதுரத்தில் பழையதோடு முட்டிக்கொள்கிறது, எதிர்நிலையில் உச்சம் தொட்டுத் தன் பலவீனத்தைக் காட்டுகிறது, கடைசிச் சதுரத்தில் கட்டுக் குலைகிறது. சேர்க்கை நடந்த ராசி எந்தத் துறை மேலோங்கும் என்பதைச் சொல்லும்: நிலம் என்றால் நிலமும் கட்டடமும் உலோகமும் கடனும், காற்று என்றால் தகவல், வலைப்பின்னல், ஒப்பந்தம்.

படி 7: 2000–2020 சுழற்சியைப் படிப்போம்

சேர்க்கை 2000 மே 28, ரிஷபம். அதற்குப் பதினொரு வாரம் முன்பு, மார்ச் 10 அன்று, நாஸ்டாக் குறியீடு 5048-இல் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கியது. இணைய நிறுவனங்களின் குமிழி உடைந்தது. 2002 அக்டோபரில் அது 1114. ரிஷபம் கையால் தொடக்கூடிய செல்வத்தின் ராசி. அடுத்த சில ஆண்டுகளில் பணம் காகிதக் கனவிலிருந்து வீடு, எண்ணெய், செம்பு, தங்கம் பக்கம் ஓடியது. 2000-இல் பெரும்பாலும் அவுன்சுக்கு 300 டாலருக்குக் கீழேயே தள்ளாடிய தங்கம் 2011-இல் 1900-ஐத் தொட்டது. இதுவரை ஜோதிடருக்கு முழு மதிப்பெண்.

முதல் சதுரம் 2005 டிசம்பரிலும் 2006-இலும். அமெரிக்க வீட்டு விலை உச்சம் தொட்டுத் திரும்பியது 2006-இல். இதுவும் நன்றாகவே உட்காருகிறது.

எதிர்நிலை 2010 மே முதல் 2011 மார்ச் வரை. கிரேக்கக் கடனுக்கு முதல் மீட்புத் திட்டம் 2010 மே மாதத் தொடக்கத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டது. அரசுக் கடன் நெருக்கடி ஐரோப்பாவைச் சுற்றியது அந்த மாதங்களில்தான். கடைசிச் சதுரம் 2015 ஆகஸ்டிலும் 2016 வசந்தத்திலும். சீனா யுவானின் மதிப்பைக் குறைத்தது 2015 ஆகஸ்ட் 11. 2016 தொடக்கத்தில் எண்ணெய் பீப்பாய் 30 டாலருக்குக் கீழே போனது. ரிஷபத்தில் விதைத்த சரக்கு விலை ஏற்றம் அங்கே முடிந்தது என்று சொல்லிவிடலாம்.

சரி, 2008 எங்கே?

அந்தச் சுழற்சியின் மிகப் பெரிய நிகழ்வு லேமன் பிரதர்ஸ் திவால், 2008 செப்டம்பர் 15. அன்றைய வானத்தைப் பாருங்கள். குரு மகரம் 12-ஐ ஒட்டி, சனி கன்னி 13-ஐ ஒட்டி. இடையே கிட்டத்தட்ட 120 பாகை, திரிகோணம். செப்டம்பர் 8 அன்றுதான் அது துல்லியமாகியிருந்தது. மேற்கத்திய முறையில் திரிகோணம் சுமுகமான, உதவும் பார்வை. நில ராசிகளுக்கு நடுவே குரு–சனி திரிகோணம் என்றால் 'நிதானமான கட்டமைப்பு, உறுதியான முதலீடு' என்று எழுதுவார்கள். அந்த வாரத்தில்தான் உலக வங்கி முறையே ஆட்டம் கண்டது.

கேட்டால், அது சனி–யுரேனஸ் எதிர்நிலை, புளூட்டோ மகரத்துக்குள் நுழையும் நேரம் என்று பதில் வரும். அது உண்மைதான், அந்த எதிர்நிலை 2008 நவம்பர் 4 அன்று நடந்தது. ஆனால் ஒரு சுழற்சி தவறினால் இன்னொன்றைக் கூப்பிடலாம் என்ற வசதி இருந்தால் எதையும் விளக்கிவிடலாம். குரு–சனியை மட்டும் வைத்து 2007-இல் உட்கார்ந்து எழுதியிருந்தால், 2008-ஐ அமைதியான ஆண்டு என்றுதான் எழுதியிருப்பீர்கள். உங்கள் நோட்டில் இந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 8: ஒன்றல்ல, ஒன்பது சேர்க்கைகளையும் சோதியுங்கள்

ஒரே சுழற்சியில் பொருத்தம் கண்டுபிடிப்பது சுலபம். இதற்கு வெளியிலிருந்து ஒரு தேதிப் பட்டியல் வேண்டும், ஜோதிடம் தெரியாதவர்கள் போட்டதாக இருந்தால் நல்லது. அமெரிக்காவின் தேசியப் பொருளாதார ஆய்வு மையம், சுருக்கமாக என்.பி.இ.ஆர்., 1854-லிருந்து ஒவ்வொரு பொருளாதாரத் தேக்கமும் தொடங்கிய உச்சி மாதத்தையும் முடிந்த பள்ள மாதத்தையும் வெளியிட்டிருக்கிறது. சேர்க்கைத் தேதிகளை அதன் பக்கத்தில் எழுதுங்கள்.

1861 அக்டோபருக்கு அருகில் அந்த ஆண்டு ஜூன் பள்ளம். 1881-க்கு அருகில் 1882 மார்ச் உச்சி. 1901-க்கு 1902 செப்டம்பர் உச்சி. 1921-க்கு அதே ஆண்டு ஜூலை பள்ளம். 1940-41-க்கு இரண்டு ஆண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எதுவும் இல்லை. 1961 பிப்ரவரி சேர்க்கைக்கு அதே பிப்ரவரி பள்ளம். 1981 ஜூலை மூன்றாம் சேர்க்கைக்கு அதே ஜூலை உச்சி. 2000-க்கு 2001 மார்ச் உச்சி. 2020 டிசம்பருக்கு ஏப்ரல் பள்ளம்.

ஒன்பதில் எட்டு, ஓராண்டுக்குள் விழுகிறது. இதைப் பார்த்ததும் முதலில் எனக்கும் சிலிர்த்தது. அப்புறம் உட்கார்ந்து எண்ணினேன். 1854 முதல் 2020 வரை மொத்தம் 34 பொருளாதாரச் சுழற்சிகள், ஆக 68 திருப்பங்கள். சராசரியாக 29 மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொரு திருப்பத்துக்கும் இரு பக்கமும் ஓராண்டு எடுத்தால் 24 மாதம். திருப்பங்கள் சீராகப் பரவியிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு நாட்காட்டியில் விரல் வைத்தாலே ஐந்துக்கு நான்கு முறை அது 'பொருந்தும்'. ஒன்பதுக்கு ஏழு எதிர்பார்க்கலாம். நமக்குக் கிடைத்தது எட்டு.

அதைவிட முக்கியம், அந்த எட்டில் நான்கு பள்ளம், நான்கு உச்சி. சேர்க்கை வந்தால் ஏறுமா இறங்குமா என்று கேட்டால் இந்தப் பட்டியல் தோளைக் குலுக்குகிறது. எதிர்நிலைகளையும் இதே மாதிரி பார்க்கலாம். 1930-31, 1970, 1989-91 மூன்றும் முழுதாகவோ ஓரளவோ தேக்கத்துக்குள் விழுந்தன. 1951-52-உம் 2010-11-உம் அமெரிக்கப் பொருளாதாரம் வளர்ந்துகொண்டிருந்த நேரம். ஐந்துக்கு மூன்று. இதை வைத்துப் பங்குச் சந்தையில் பணம் போடுபவரிடமிருந்து தள்ளி உட்காருங்கள்.

அப்படியென்றால் தொழில் சுழற்சிக்கு இதில் என்னதான் இருக்கிறது? என் அனுபவத்தில் இது ஒரு அளவுகோல், வரலாற்றை இருபது இருபதாக வெட்டிப் பார்க்க ஒரு வழி. 'மூன்று சேர்க்கைக்கு முன் இதே முனையில் என்ன நடந்தது' என்று கேட்கும்போது 1961-ஐயும் 2020-ஐயும் பக்கத்தில் வைக்கத் தோன்றும், வேறு எந்த முறையிலும் அது தோன்றாது. ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். தேதி குறிக்க உதவாது.

படி 9: தலைமுறையைக் குறிப்பது

இது எளிது. ஒருவர் எந்த இரண்டு சேர்க்கைகளுக்கு நடுவே பிறந்தாரோ அதுவே அவர் தலைமுறை. 1961 முதல் 1980 வரை மகரத் தலைமுறை, 1981 முதல் 2000 வரை துலாத் தலைமுறை, 2000 முதல் 2020 வரை ரிஷபத் தலைமுறை, பிறகு கும்பம். மூன்று சேர்க்கை நடந்த ஆண்டுகளில் பிறந்தவரை எல்லைப் பிறப்பு என்று தனியாக எழுதுவது நல்லது. ஒருவரை வலிந்து ஒரு பக்கம் தள்ளாதீர்கள்.

இதில் எனக்கு ஆர்வமானது துலாத் தலைமுறை. நிலக் காலத்தின் நடுவே காற்றில் பிறந்தவர்கள். மூன்றாம் சேர்க்கைக்கு மூன்று வாரம் கழித்து, 1981 ஆகஸ்ட் 12-இல், ஐ.பி.எம். தன் தனிநபர் கணினியை அறிமுகம் செய்தது. கணினியோடு சேர்ந்தே வளர்ந்த முதல் தலைமுறை என்று இவர்களைச் சொல்வது ஜோதிடர்கள் மட்டுமல்ல. பியூ ஆய்வு மையமும் மில்லினியல் தலைமுறையை 1981-இல்தான் தொடங்குகிறது. ஆனால் அங்கே 1996-இல் முடிகிறது, சேர்க்கைக் கணக்கில் 2000 வரை போகிறது. அதற்கு முந்தைய தலைமுறையைப் பியூ 1965-இல் தொடங்குகிறது, சேர்க்கை 1961-இல். ஒரு எல்லை பொருந்துகிறது, மற்றவை இல்லை. ஒன்று பொருந்தியதைப் பெரிதாக்கிக் காட்டும் ஆசை எல்லோருக்கும் வரும்.

தத்துவத்தை வைத்துப் படிப்பதிலும் அதே எச்சரிக்கை. நிலக் காலம்தான் தொழிற்சாலைக் காலம் என்று சொல்வார்கள். ஆனால் பிரிட்டனின் தொழிற்புரட்சி 18-ஆம் நூற்றாண்டிலேயே, நெருப்புக் காலத்திலேயே, தொடங்கிவிட்டது. தகவல் காற்றுக்கு உரியது என்பார்கள். மோர்ஸின் முதல் பெரிய தந்திச் செய்தி போனது 1844-இல், நிலக் காலம் நிலைத்து இரண்டு ஆண்டு கழித்து. இணையம் உலகை வளைத்ததும் ரிஷபச் சுழற்சிக்குள்தான்.

தனிமனிதர் ஜாதகத்தோடு சேர்த்துப் பார்க்க விரும்பினால் ஒன்று மட்டும் செய்யுங்கள். சேர்க்கைப் பாகையை எடுத்து, பிறப்பு ஜாதகத்தில் அதற்கு 3 பாகைக்குள் கிரகமோ லக்கினமோ இருக்கிறதா என்று பாருங்கள். 2020-க்கு அது கும்பத்தின் முதல் மூன்றரைப் பாகையும் மகரத்தின் கடைசி இரண்டரைப் பாகையும். இல்லையென்றால் அந்தச் சேர்க்கையை அவருடைய சொந்த வாழ்க்கைக்குள் இழுக்காதீர்கள். அது அவர் தலைமுறைக்கானது, அவருக்கானதல்ல.

படி 10: தேதி வரும் முன்பே எழுதிவையுங்கள்

1524 பிப்ரவரியில் மீனத்தில் சேர்க்கை நடக்கப் போகிறது, பெருவெள்ளம் வரும் என்று ஐரோப்பாவில் பல ஆண்டுகளாக அச்சிட்டுப் பரப்பினார்கள். சொன்னபடி உலகை மூழ்கடிக்கும் வெள்ளம் வரவில்லை. இன்று நமக்கு அது தெரிய ஒரே காரணம், அவர்கள் முன்கூட்டியே எழுதிவைத்தார்கள் என்பதுதான். நடந்த பிறகு எழுதிய கணிப்புகள் எதுவும் இப்படி மாட்டிக்கொள்வதில்லை.

2020 சுழற்சியின் எதிர்நிலை 2030 இறுதியை ஒட்டி வருகிறது, குரு தனுசில், சனி மிதுனத்தில். ஒரு பக்கத்தில் தேதி போட்டு மூன்று வரி எழுதுங்கள்: எந்தத் துறை, எந்தத் திசை, எத்தனை மாத வரம்பு. 'மாற்றம் வரும்', 'சவால்கள் இருக்கும்' போன்ற சொற்கள் வந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். என் பக்கத்தில் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் கடனைப் பற்றி ஒரு வரி இருக்கிறது, வரம்பு 2030 செப்டம்பர் முதல் 2031 ஆகஸ்ட் வரை. அதன் கீழே சிவப்பு மையில் 2008 செப்டம்பர் 15 என்று எழுதி வைத்திருக்கிறேன்.